2/7 பங்கைக் கழித்தும் வேகம் குறைகிறது

"20 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டு, அலுமினியத் தடத்தில் 20 செ.மீ. கீழிறங்குகிறது. சுழற்சிக்கு 2/7 பங்கு ஒதுக்கினால் 1.67 மீ/வி வர வேண்டும், 1.55 தான் வருகிறது. உராய்வா?"

உராய்வைத் தேட வேண்டாம். 2/7 சமதளத்தில் உருளும் திண்மக் குண்டுக்கு உரியது. உங்கள் தடம் நடுவில் பள்ளமுள்ளது என்றால், குண்டு இரு விளிம்புகளில் அமர்ந்து உருள்கிறது. அதன் மையம் விளிம்புகளுக்கு மேல் 10 மி.மீ. உயரத்தில் இருக்காது. அதே வேகத்தில் நகர அது இன்னும் விரைவாகச் சுழல வேண்டியிருக்கிறது.

விளிம்புகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். அது 12 மி.மீ. என்றால் உருளும் ஆரம் √(10² − 6²) = 8 மி.மீ. நேர்கோட்டு ஆற்றலுக்குச் சுழற்சி ஆற்றலின் விகிதம் 0.4 × (10/8)² = 0.625. மொத்தத்தில் அது 0.625/1.625, அதாவது 38.5 சதவீதம். 2/7 என்பது 28.6 தான். வேகம் √(2 × 9.8 × 0.2 / 1.625) = 1.55. உங்கள் அளவீடு அருமையாகவே இருக்கிறது!

உறுதி செய்ய, குண்டில் மையினால் ஒரு புள்ளி வைத்து மெல்ல உருட்டுங்கள். ஐந்து சுற்றுக்கு 31 செ.மீ. நகர்ந்தால் நான் சொன்னது தவறு, 25 செ.மீ. என்றால் சரி.

வேகத்தைத் தடத்துக்குள்ளேயே அளக்க வேண்டும். மேசைக்கு இறங்கியதும் மிகைச் சுழற்சியால் குண்டு வழுக்கி, சற்று வேகம் கூடும். சரிவு மிகச் செங்குத்தாக இருந்து தடத்திலேயே வழுக்கினாலும் இந்தக் கணக்கு செல்லாது.