ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிறது, கணக்கு மட்டும் தப்பு: கேள்வி பதில்

ட்ரையல் பேலன்ஸில் பற்று மொத்தமும் வரவு மொத்தமும் பைசா பிசகாமல் டேலி ஆகுது. ஆனா ஒரு வாடிக்கையாளர், "என் பாக்கியில 500 கூட எழுதியிருக்கீங்க"ன்னு சண்டைக்கு வர்றார். ரெண்டும் எப்படிங்க சரியாகும்?

ஆகும். முதலில் அவருடைய பில் நகலையும் பேரேட்டில் அவர் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1,250 ரூபாய் கடன் விற்பனையை அவர் பக்கத்தில் 1,750 என்று ஏற்றியிருந்தால் பற்று 500 கூடிவிடும். அப்போது ட்ரையல் பேலன்ஸ் உதைத்திருக்க வேண்டும். உதைக்கவில்லை என்றால் வேறு எங்கோ பற்று 500 குறைந்திருக்கிறது. உதாரணமாக 3,200 ரூபாய் ஈபி பில், மின்கட்டணக் கணக்கில் 2,700 என்று ஏறியிருக்கலாம். ஒரு தப்பை இன்னொன்று மூடிவிட்டது, இதுதான் ஈடுசெய்யும் பிழை. லாபமும் 500 கூடுதலாகத் தெரியும். இந்த உதாரணத்தில் திருத்த ஒரே பதிவு போதும்: மின்கட்டணம் பற்று 500, வாடிக்கையாளர் வரவு 500.

வித்தியாசம் 9-ஆல் வகுபட்டா இலக்கம் இடம் மாறியிருக்கும்னு படிச்சேன் சார். அதை வச்சு இதைப் பிடிச்சிடலாமே?

நல்ல வழிதான், ஆனால் வகுப்பதற்கு ஒரு வித்தியாசம் வேண்டுமே! இங்கே அது பூஜ்யம். பேரேட்டுக்கு வெளியே உள்ள காகிதம்தான் காட்டிக்கொடுக்கும்: ஈபி ரசீது, சப்ளையர் அனுப்பும் கணக்கு விவரம், வாடிக்கையாளரின் பற்றுப் புத்தகம். அந்த வாடிக்கையாளர் சண்டைக்கு வந்ததே நல்லது.

எங்க கடை ட்ரையல் பேலன்ஸில் 450 உதைக்குது. இதுவும் ஈடுசெய்யும் பிழைதானே? காரணம் தெரியும்வரை அந்த வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுட்டேன்.

இல்லைங்க, உங்களுடையது வெளியே தெரிகிற பிழை. இலக்கம் மாறியதா என்று பாருங்கள், 450 ஒன்பதால் வகுபடுகிறது. அதில் பாதியான 225 ரூபாய்ப் பதிவு ஏதாவது பக்கம் மாறி ஏறியிருக்கிறதா என்றும் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: 1,450 கூடி 1,000 குறைந்தாலும் மிஞ்சுவது 450தான். அந்த 450-க்குக் காரணமான பதிவுகள் எல்லாம் கிடைக்கும்வரை சஸ்பென்ஸை மூடாதீர்கள்.

18,000 ரூபாய்க்குக் கடைக்கு ஃப்ரீசர் வாங்கினோம். பையன் கொள்முதலில் எழுதிட்டான். வாங்கினது வாங்கினதுதானே?

விற்க வாங்கியதுதான் கொள்முதல். ஃப்ரீசர் கடையிலேயே நிற்கும் சொத்து. இரண்டுமே பற்று இருப்பு என்பதால் ட்ரையல் பேலன்ஸ் வாயே திறக்காது. இதுதான் விதிப்பிழை, எனக்கு ஈடுசெய்யும் பிழையைவிட இதில்தான் பயம் அதிகம். மாதம் 2,00,000 விற்று 24,000 மொத்த லாபம் பார்க்கும் கடை என்றால், அந்த மாதம் 6,000தான் தெரியும். 12 சதவீதம் திடீரென்று 3 ஆனால் கொள்முதல் பக்கத்தைத் திறந்து, வழக்கமாகச் சரக்கு போடாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரீசர் கணக்கைப் பற்று வைத்து, கொள்முதலை வரவு வைத்தால் சரியாகிவிடும். அப்புறம் தேய்மானத்தை மட்டும் செலவாக எழுதுங்கள்.

பழைய ஃப்ரீசருக்கு 6,500 கொடுத்து கம்ப்ரசர் மாத்தினேன். அது செலவா, சொத்தா?

பழையபடி ஓட வைத்தது மட்டும்தான் என்றால் நான் பழுதுச் செலவில் எழுதுவேன். கொள்ளளவு கூடியதா, இன்னும் பல வருஷம் ஓடுமா என்பதைப் பொறுத்துச் சிலர் சொத்தில் சேர்ப்பார்கள். பில்லில் மெக்கானிக் என்ன எழுதியிருக்கிறார் என்று சொல்லுங்கள், பார்ப்போம்.