அயர்ன் பாக்ஸ் போட்டாலும் 512, அணைத்தாலும் 512: ஆர்எம்எஸ் கேள்வி பதில்

அக்கா, ஆர்டுயினோ ஊனோவில் ACS712 20 ஆம்பியர் சென்சார் வைத்திருக்கிறேன். ஆயிரம் ரீடிங் எடுத்துச் சராசரி போட்டேன். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் ஓடும்போதும் 512, அணைத்தாலும் 512. சென்சார் போய்விட்டதா?

சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. கரண்ட் ஒரு பக்கம் எவ்வளவு பாய்கிறதோ, அடுத்த அரைச் சுற்றில் அதே அளவு எதிர்ப்பக்கம் பாய்கிறது. உங்கள் அயர்ன் பாக்ஸுக்கு ரீடிங் சுமார் 386க்கும் 638க்கும் நடுவே ஊசலாடும். கூட்டி வகுத்தால் மேலே போனதும் கீழே போனதும் அடிபட்டு, சென்சாரின் நடுப்புள்ளியான 512 மட்டும் மிஞ்சும்.

அயர்ன் பாக்ஸின் கம்பிக்கோ திசை முக்கியமில்லை, எந்தப் பக்கம் பாய்ந்தாலும் சூடாகும். அந்தச் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஒவ்வொரு ரீடிங்கிலும் நடுப்புள்ளியைக் கழித்து, வர்க்கப்படுத்தி, அந்த வர்க்கங்களுக்குச் சராசரி கண்டு, கடைசியில் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இதைத்தான் ஆர்எம்எஸ் என்கிறோம்.

கையாலேயே போட்டுப் பாருங்கள். நம் வீட்டு மின்சாரத்தின் உச்சம் சுமார் 325 வோல்ட். அரைச் சுற்றில் 30 டிகிரிக்கு ஒரு சாம்பிள் எடுத்தால், உச்சத்தில் 0, 0.5, 0.866, 1, 0.866, 0.5 பங்கு கிடைக்கும். வர்க்கங்கள் 0, 0.25, 0.75, 1, 0.75, 0.25. கூட்டினால் 3, ஆறால் வகுத்தால் 0.5, வர்க்கமூலம் 0.707. அதை 325ஆல் பெருக்கினால் 230 வந்து நிற்கும்.

இவ்வளவு சுற்றுவானேன்? உச்சத்தைப் பிடித்து 1.414ஆல் வகுத்தால் போதுமே. நான் அப்படித்தான் செய்கிறேன், சரியாக வருகிறது.

சுத்தமான சைன் அலைக்கு நீங்கள் சொல்வது சரி. ஹீட்டருக்கும் பழைய குண்டு பல்புக்கும் ஏறக்குறைய ஒத்துவரும். மொபைல் சார்ஜர், எல்ஈடி பல்பு என்று வந்தால் கதை வேறு. அவை பெரும்பாலும் அலையின் உச்சிக்குப் பக்கத்தில் மட்டும் கரண்டைச் சட்டென்று இழுத்துவிட்டு, மற்ற நேரம் சும்மா இருக்கும்.

பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் 1 ஆம்பியர் இழுப்பதாக வையுங்கள். உண்மையான ஆர்எம்எஸ் 0.316. உங்கள் கணக்கு 0.707 என்று சொல்லும். விலை குறைந்த மல்டிமீட்டர் குறியை நீக்கிச் சராசரி எடுத்து 1.11ஆல் பெருக்கும், அது 0.11 காட்டும். மூன்றும் ஒரே கரண்ட்தான்! இன்னொன்று, உச்சத்தை நம்பினால் ஒரே ஒரு இரைச்சல் முள் மொத்த ரீடிங்கையும் கெடுத்துவிடும்.

வர்க்க முறைதான் போட்டேன். அதே 20 ஆம்பியர் சென்சார்தான். அயர்ன் பாக்ஸுக்கு சரியாக 4.3 ஆம்பியர். 2000 வாட் கீசரைப் போட்டால் ஒரு ஆம்பியருக்கும் கீழே, சில சமயம் nan!

இதில் நானே ஒரு நாள் முழுக்கத் தொலைத்திருக்கிறேன். ஊனோவில் int 16 பிட். 181இன் வர்க்கம் 32761, உள்ளே அடங்கும். 182 ஆனால் 33124, எல்லையைத் தாண்டி மைனஸாகிவிடும். அயர்ன் பாக்ஸின் உச்சம் நடுப்புள்ளியிலிருந்து 126 படிதான், தப்பித்தது. கீசருக்கு 250ஐத் தாண்டும். 512க்குப் பக்கத்தில் ஒரு L போட்டால் கணக்கு long ஆகிவிடும்:

```
long n = 0, sum = 0;
unsigned long sq = 0, t = millis();
while (millis() - t < 200) {
  long d = analogRead(A0) - 512L;
  sum += d;
  sq += d * d;
  n++;
}
float m = (float)sum / n;
float rms = sqrt((float)sq / n - m * m);
```

200 மில்லிவினாடி என்பது 50 ஹெர்ட்ஸில் முழுசாகப் பத்துச் சுற்று. அரைகுறைச் சுற்றில் நிறுத்தினால் ரீடிங் ஆடும். நடுப்புள்ளி உண்மையில் 509 என்றாலும் கவலையில்லை, கடைசி வரியில் m அதைக் கழித்துவிடும். வரும் rms படிக்கணக்கில் இருக்கும். இந்தச் சென்சாருக்கு ஒரு ஆம்பியர் என்பது சுமார் 20.5 படி.

லோடே இல்லை, 0.09 ஆம்பியர் காட்டுகிறது. எல்லா ரீடிங்கிலும் 0.09ஐக் கழித்துவிடலாமா மேடம்?

நேராகக் கழிக்காதீர்கள். இரைச்சலும் மேலும் கீழும்தான் ஆடுகிறது, ஆனால் வர்க்கப்படுத்தியதும் எல்லாம் பிளஸ் ஆகிவிடுவதால் அது பூஜ்யமாவதில்லை. வர்க்கத்தில் சேர்ந்ததை வர்க்கத்திலேயே கழிக்க வேண்டும். 0.15 காட்டினால் 0.0225இல் 0.0081 போக 0.0144, அதாவது 0.12 ஆம்பியர். 5 ஆம்பியரில் அந்த 0.09ஆல் ஒரு வித்தியாசமும் தெரியாது. அங்கே நேராகக் கழித்தால்தான் பிழை வரும்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்போது என் மீட்டர் 209 வோல்ட் காட்டுகிறது. பேட்டரி போய்விட்டதா அம்மா?

பேட்டரியைக் குறை சொல்லும் முன் மீட்டரின் முகப்பில் True RMS என்று எழுதியிருக்கிறதா பாருங்கள் ஐயா. அது இல்லாத மீட்டர், இடையிடையே பூஜ்யத்தில் நிற்கும் படிக்கட்டு அலையைக் குறைத்துக் காட்டலாம். மூன்றில் இரண்டு பங்கு நேரம் மட்டும் வோல்டேஜ் இருக்கும் 230 வோல்ட் அலையை அது 209 என்றுதான் படிக்கும். முழுச் சதுர அலையாக இருந்தால் அதே மீட்டர் 255 என்று கூட்டிச் சொல்லும். உங்கள் இன்வெர்ட்டர் எந்த வகை என்பது அலையைப் பார்த்தால்தான் தெரியும். உண்மையாகவே 209தான் வருகிறது என்றும் இருக்கலாம். True RMS மீட்டரை யாரிடமாவது வாங்கி, அதே லோடில் ஒரு தடவை அளந்துவிட்டு எழுதுங்கள்.