மூன்று பகடையும் புளியங்கொட்டையும்: ஒரு கணித ஆசிரியரிடம் கேள்விகள்

பந்தய விளம்பரங்களில் மயங்கும் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு எதிலிருந்து தொடங்கலாம், ஐயா?

மூன்று பகடை ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள், அம்மா. மாணவர் ஒன்று முதல் ஆறு வரை ஓர் எண்ணைச் சொல்லி ஒரு புளியங்கொட்டையை வைக்க வேண்டும். அந்த எண் எத்தனை பகடைகளில் விழுகிறதோ, வைத்த கொட்டையோடு அத்தனை கொட்டைகள் கூடுதலாகக் கிடைக்கும். ஒன்றிலும் விழாவிட்டால் வைத்தது வங்கிக்கு, அதாவது ஆட்டத்தை நடத்துபவரின் கொட்டைக் குவியலுக்குப் போகும். பகடைக்கு ஆறிலொரு பங்கு, பகடைகள் மூன்று, ஆகவே வெற்றி பாதிக்குப் பாதி என்றுதான் பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். உடனே திருத்தாமல் ஆடவிடுங்கள்.

பிறகு கரும்பலகைக்கு வாருங்கள். பகடைகள் விழும் விதங்கள் 216. அவற்றில் 5×5×5, அதாவது 125 விதங்களில் சொன்ன எண் வரவே வராது. 75 விதங்களில் ஒரு முறையும், 15 விதங்களில் இரு முறையும், ஒரே ஒரு விதத்தில் மும்முறையும் வரும். போவது 125, வருவது 75+30+3 ஆக 108. மீதி 17 கொட்டைகள் வங்கிக்கு. 36 பேர் ஆளுக்கு ஆறு முறை எறிந்தால் சரியாக 216 ஆகிவிடும். முடிந்ததும் ஆதாயத்தில் இருப்பவர்களை மட்டும் எழுந்து நிற்கச் சொன்னால், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பேர் சிரித்தபடி நிற்பார்கள். விளம்பரக்காரர் படம்பிடிப்பது அவர்களை மட்டுமே. காசு மட்டும் வைக்காதீர்கள், ஒரு ரூபாய்கூட.

செய்து பார்த்தேன் சார், வங்கி தோற்றது, வகுப்பே கைதட்டியது. எங்கே பிழை?

பிழையே இல்லை. 17 என்பது சராசரிதான். 216 எறிவுகளில் அது 16 கொட்டையளவு மேலும் கீழும் போவது சாதாரணம் என்பதால், ஆறேழு வகுப்புகளில் ஒன்றில் வங்கி தோற்கும். எனக்கும் ஒரு முறை நேர்ந்தது. வெட்கத்தில் கணக்கைச் சற்று மாற்றி எழுதினேன், கடைசி வரிசைப் பையன் பிடித்துவிட்டான். ஏட்டை மூடாமல் நான்கு நாள் ஆட்டத்தைச் சேர்த்துக் கூட்டுங்கள். அதற்குப் பிறகும் வங்கி தோற்பது ஐம்பதில் ஒரு முறை நடந்தால் அதிகம்.

ஒரே பகடையில் ஆறு எறிவாக நான்கு விழவில்லை. அடுத்தது நான்குதானே?

அதே ஆறிலொரு பங்குதான். நான்கு தொடர்ந்து ஆறு முறை விழாத இடங்களை ஏட்டில் வட்டமிட்டு, அடுத்த எறிவுகளை எண்ணிப் பாருங்கள்.

ரம்மி திறமை ஆட்டம் என்று 1968-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பகடையோடு சேர்ப்பது நியாயமா?

பாதி சரி. பெரும்பாலும் திறமை என்றுதான் நீதிமன்றம் சொன்னது. ஆட்டத்தை நடத்துபவர் எடுக்கும் கழிவைத் திறமை ஈடுகட்டும் என்று சொல்லவில்லை. சம திறமையுள்ள இருவர் ஆளுக்கு 100 கொட்டை வைக்க, நடத்துபவர் 20 எடுத்துக்கொண்டால், வென்றவருக்கு ஆதாயம் 80, தோற்றவருக்கு இழப்பு 100. ஒன்பது ஆட்டங்களில் ஐந்தில் வென்றால்தான் கைமுதல் தேறும். சம திறமைக்காரர் இருவரும் ஒரே நேரத்தில் ஒன்பதில் ஐந்து வெல்ல முடியுமா?

என் தம்பி பத்தில் ஏழு ஆட்டம் வெல்கிறானே!

இருக்கலாம், தன்னைவிட மோசமாக ஆடுகிறவர்கள் எதிரே அமரும் வரை. எத்தனை நாள் அமர்வார்கள் என்பதை நான் சொல்ல முடியாது. தோற்ற ஆட்டங்களும் எழுதப்பட்ட ஏடு அவரிடம் இருக்கிறதா?

ஐந்து ரூபாய் வைத்தால் பிள்ளைகளுக்கு ஆர்வம் கூடுமே?

முதல் பதிலின் கடைசி வரியைப் படியுங்கள்.