பத்தியச் சாப்பாட்டில் புரதம் போதுமா?

வணக்கம் மிஸ்,

நான் காரைதீவு. இது இரண்டாவது பிள்ளை, பிறந்து ஏழு கிழமை. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். பிள்ளை தங்க முதல் என்ட நிறை 54 கிலோ. ஒரு நாள் சாப்பாட்டை எழுதுறன், கலோரியும் புரதமும் காணுமா எண்டு பார்த்துச் சொல்லுங்க.

விடிய சீனி போட்ட வெறுந் தேத்தண்ணி. எட்டு மணிக்கு ஆறு இடியப்பம், சொதி. பத்தரைக்கு மல்லித்தண்ணி, மூன்று பிஸ்கட். மத்தியானம் ஒன்றரைக் கோப்பை குத்தரிசிச் சோறு, சரக்குக்கறியில நெருப்புப்பெட்டி அளவு மீன் ஒரு துண்டு, கொஞ்சம் முருங்கையிலை வறை, ஒரு கரண்டி நல்லெண்ணெய். பின்னேரம் தேத்தண்ணி, இரண்டு துண்டு பாண். இரவைக்கு ஒரு கோப்பை பிட்டு, சீனி, ஒரு வாழைப்பழம்.

பருப்பும் முட்டையும் பிள்ளைக்கு வாயு எண்டு மாமி தரமாட்டா. கிளினிக்கில தந்த திரிபோஷாவை மூத்தவளுக்குக் கொடுக்கிறன். பின்னேரமானா கைகால் சோர்ந்துபோகுது, சும்மா சும்மா அழுகை வருது. பால் வத்திப்போயிடுமோ எண்டு பயமா இருக்கு மிஸ்.

* * *

அன்புத் தங்கச்சி,

நீங்கள் அளவோடு எழுதியதால் கணக்குப் பார்க்க முடிந்தது. மொத்தம் ஏறத்தாழ 1450 கலோரி, 32 கிராம் புரதம் வருகிறது. பால் கொடுக்கும் உங்களுக்குக் குறைந்தது 2200 கலோரியாவது வேண்டும். புரதம் 64 கிராம்: உங்கள் நிறைக்கு 45, பால் சுரப்பதற்கு மேலதிகமாக 19. ஆகவே கலோரியில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, புரதம் சரிபாதிதான் கிடைக்கிறது.

எங்கே குறைகிறது என்று பாருங்கள். இடியப்பம், பிஸ்கட், பாண், பிட்டு எல்லாமே மாச்சாப்பாடு. நாள் முழுக்க நல்ல புரதம் என்று சொல்ல அந்த ஒரு துண்டு மீன்தான் இருக்கிறது, அதில் 7 கிராம் வரும். முருங்கையிலையும் நல்லெண்ணெயும் நல்லவைதான், விட வேண்டாம். ஆனால் அவை இந்தக் குறையை நிரப்பாது.

பால் வற்றிவிடும் என்று பயப்பட வேண்டாம். தாய் குறைவாகச் சாப்பிட்டாலும் பாலில் உள்ள புரதம் பெரிதாகக் குறையாது; உடம்பு தாயின் தசையிலிருந்து எடுத்தாவது பாலுக்குக் கொடுத்துவிடும். நட்டப்படுவது நீங்கள். பிள்ளை நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சலம் கழித்து, வளர்ச்சி அட்டையில் கோடு மேலே போனால் பால் காணும்.

மாமியோடு முட்டையில் தொடங்காதீர்கள், மீனில் தொடங்குங்கள். மீன் அவ ஏற்கெனவே தரும் சாப்பாடு. மத்தியானத் துண்டை ஒன்றரை மடங்காக்கி, இரவுப் பிட்டுக்குச் சீனிக்குப் பதில் அதே சரக்குக்கறியில் ஒரு துண்டு கேளுங்கள். பால்சுறா கிடைக்கிற நாளில் வறை செய்து பிட்டோடு சாப்பிடலாம். இதிலேயே 10 கிராம் கூடும்.

அடுத்தது திரிபோஷா. அது உங்கள் பங்கு. 50 கிராமில் 10 கிராம் புரதமும் 200 கலோரியும் இருக்கிறது. தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்து, பிஸ்கட்டுக்குப் பதில் பத்தரைக்குச் சாப்பிடுங்கள். மூத்தவளின் நிறை குறைவென்றால் அவளுக்கென்று தனியாகத் தரும்படி மிட்வைஃபிடம் கேளுங்கள்.

பருப்பு தின்றால் வாயு வருவது தின்றவரின் குடலில்தான். அந்த வாயு இரத்தத்தில் கலந்து பாலுக்குப் போவதில்லை. நீங்கள் சொன்னால் மாமி கேட்பது கஷ்டம், அதனால் வீட்டுக்கு வரும் மிட்வைஃபை அவவின் முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள். சம்மதித்தால் காலையில் அரைக் கோப்பை தடித்த பருப்புக்கறி, ஓர் அவித்த முட்டை. இரண்டிலும் சேர்த்து 13 கிராம். இத்தோடு 64ஐத் தொட்டுவிடுவீர்கள். கலோரிக்கு மத்தியானச் சோற்றை இரண்டு கோப்பையாக்கி, பின்னேரம் பாணோடு ஒரு கை கச்சானும் பால் தேத்தண்ணியும் சேருங்கள். முட்டைக்கு மாமி உடன்படாவிட்டாலும் கச்சானும் பாலும் அந்தக் குறையைத் தாங்கும்.

சோர்வில் ஒரு பகுதி இந்தச் சாப்பாட்டால் குறையலாம். அழுகையை நான் தனியாகப் பார்க்கிறேன். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பலருக்கும் வரும் அழுகை இரண்டு கிழமைக்குள் தானாக நின்றுவிடும். ஏழாம் கிழமையிலும் தொடர்ந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். சாப்பாட்டை மாற்றி என்ன ஆகிறதென்று காத்திருக்க வேண்டாம், இந்தக் கிழமையே கிளினிக்கில் சொல்லுங்கள். இரத்தம் குறைவா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கோ பிள்ளைக்கோ கேடு செய்யும் நினைப்பு எட்டிப் பார்த்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1926க்கு எந்த நேரமும் அழைத்துப் பேசலாம்.

மாதம் ஒருமுறை கிளினிக் தராசில் நிறை பாருங்கள். மாதம் 2 கிலோவுக்கு மேல் இறங்கினால் சாப்பாடு இன்னும் காணவில்லை என்றுதான் அர்த்தம். அப்போது இதேபோல ஒரு நாள் சாப்பாட்டைத் திரும்ப எழுதி அனுப்புங்கள், மீன் துண்டின் அளவையும் மறக்காமல்.