துண்டுச் சீட்டில் வாங்கிய சரக்கைக் கணக்கில் எழுதலாமா?

கேள்வி: வியாசர்பாடியில் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். ஜி.எஸ்.டி. பதிவு உண்டு. ஆண்டு விற்பனை 70 லட்ச ரூபாயைத் தொடும். புது இரும்பை முறையான பில்லோடு வாங்குகிறேன். ஆனால் கீல், தாழ்ப்பாள், பெயிண்ட், வெல்டிங் ராடு எல்லாம் அக்கம்பக்கத்துக் கடைகளில்தான். அவர்கள் தருவது கையால் எழுதிய சீட்டு. சில சமயம் பழைய இரும்புக் கடையிலும் எடைபோட்டு வாங்குவேன். மாதம் 60 ஆயிரம் வரை இப்படிப் போகிறது. இவற்றைக் கணக்கில் எழுதவே கூடாது என்கிறார் கணக்கு எழுதுபவர். தெரிந்தவர் ஒருவரோ, சிறு கமிஷனுக்கு வேறு இடத்திலிருந்து பில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தத் தெரிந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சரக்கு ஓரிடத்தில், பில் வேறிடத்தில் என்பது போலி பில். அதைக் காட்டி வரிக் கழிவு எடுத்தால் அந்த வரியையும் அதற்குச் சமமான அபராதத்தையும் கட்ட நேரிடும். வருமான வரித் துறை பொய்ப் பதிவு என்று கண்டால், பதிவு செய்த முழுத் தொகைக்கும் சமமாக அபராதம் விதிக்கலாம். 60 ஆயிரம் ரூபாய்க்கு உண்மையாகச் சரக்கு வாங்கிய நீங்கள் இந்தப் பள்ளத்தில் இறங்க எந்தக் காரணமும் இல்லை.

உங்கள் கணக்கர் இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டார். கடைக்காரரின் ஜி.எஸ்.டி. எண் இல்லாத சீட்டைக் கொண்டு உள்ளீட்டு வரிக் கழிவு எடுக்க முடியாது. அது சரிதான். ஆனால் தொழிலுக்காகச் செய்த செலவு என்று லாபக் கணக்கில் எழுத எந்தத் தடையும் இல்லை. வருமான வரிச் சட்டம் கேட்பது அந்தச் செலவு உண்மையா, தொழிலுக்கானதா என்பதைத்தான். சரக்கு மட்டும் விற்பவர் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு செய்யத் தேவையில்லை. அப்படிப்பட்டவர் தரும் சீட்டில் வரி எண் இல்லாதது குற்றமே அல்ல. இன்னொன்று, கையெழுத்தில் இருப்பதும் குறையல்ல. வரி எண், வரிசை எண், தேதி, உங்கள் பெயர், உங்கள் வரி எண், பொருள், அளவு, விலை, வரி ஆகியவையும் சட்டம் கேட்கும் மற்ற விவரங்களும் பேனாவால் எழுதியிருந்தாலும் அது செல்லும் பில்தான்.

ஆகவே கடைக்காரர் எந்த வகை என்று பாருங்கள். ஒரு கடையில் "ஜி.எஸ்.டி. பில் போட்டால் 18 சதவீதம் கூடும்" என்றார்களானால், அவர் பதிவு செய்தவர். பதிவே இல்லாதவர் வரி வசூலிக்க முடியாதே! அவரிடம் சீட்டில் வாங்காதீர்கள். அவருடைய ஜி.எஸ்.டி. எண் தெரிந்தால் gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் சரிபார்க்கலாம். தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும்.

கணக்கும் அதையே சொல்கிறது. பெயிண்டும் கீலும் 10,000 ரூபாய் சரக்கு, 18 சதவீத வரியோடு 11,800 என்று வைத்துக்கொள்வோம். சீட்டுக் கடையில் 10,600-க்குத் தருகிறார்கள், 1,200 மிச்சம் என்று தோன்றும். ஆனால் முறையான பில்லில் 1,800 வரிக் கழிவாகத் திரும்பிவிடுவதால் உங்கள் அடக்கம் 10,000தான். சீட்டுக் கடையில் 600 கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். மாதம் முழுக்கத் தேவைப்படும் பெயிண்டையும் வெல்டிங் ராடையும் பதிவுள்ள ஒரு கடையில் மொத்தமாக எடுத்துவிட்டு, அவசரத்துக்கு வாங்கும் சில்லறையை மட்டும் சீட்டில் விடலாம்.

மீதியுள்ள சீட்டுகளைக் காப்பாற்றுவது உங்கள் வேலை. ஒவ்வொன்றுக்கும் நீங்களே ஒரு வவுச்சர் எழுதுங்கள். தேதி, கடைக்காரர் பெயர், கடை இருக்கும் தெரு, கைபேசி எண், பொருளின் பெயர், எண்ணிக்கை, விலை, எந்த ஆர்டருக்கு என்பது வரை இருக்கட்டும். "ஹார்டுவேர் சாமான் 4,200" என்று மொட்டையாக எழுதினால் பயனில்லை. "8 அங்குலக் கீல் 12, தாழ்ப்பாள் 6, கொருக்குப்பேட்டை கேட் வேலை" என்று எழுதினால் அதிகாரி அதை உங்கள் விற்பனை பில்லோடு சேர்த்துப் பார்க்க முடியும். அதிகாரிகள் சந்தேகப்படுவது இந்த இடத்தில்தான். 10 கேட் விற்றவர் 40 கேட்டுக்கான பெயிண்ட் வாங்கியதாக எழுதியிருந்தால் எந்த வவுச்சரும் உதவாது. கடைச் சீட்டை வவுச்சரோடு பின் செய்து, ஒரு புகைப்படமும் எடுத்து வையுங்கள். கார்பன் சீட்டு மங்கிவிடும், நீங்களோ பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முறை அதைவிட முக்கியம். ஒரே நாளில் ஒரே கடைக்காரருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு ஏற்கப்படாது. 14,000 கொடுத்தால் கூடுதலான 4,000 மட்டும் அல்ல, முழு 14,000-மும் போய்விடும். இரண்டு சீட்டாகப் பிரித்து எழுதினாலும் அன்றைய மொத்தம்தான் கணக்கு. யு.பி.ஐ.யில் அனுப்பிவிட்டு அந்தப் பரிவர்த்தனை எண்ணை வவுச்சரில் எழுதுங்கள். கடைக்காரர் கையெழுத்துப் போட மறுத்தாலும் அந்தப் பதிவு உங்களுக்கு நல்ல சாட்சி.

இனி பழைய இரும்பு. இதை உங்கள் கணக்கர் கவனித்ததாகத் தெரியவில்லை. உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பொதுவாகப் பதிவில்லாதவரிடம் வாங்கும் சரக்குக்கு நீங்கள் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாதவரிடமிருந்து பதிவு பெற்றவர் உலோகக் கழிவு வாங்கினால், வாங்குபவரே வரி கட்ட வேண்டும். இதைத் தலைகீழ் வரி முறை என்கிறோம்.

ஒரு மாதம் 30,000 ரூபாய்க்குக் கழிவு இரும்பு வாங்கியிருந்தால், 18 சதவீத வரி 5,400. மத்திய, மாநில வரி தலா 2,700. உங்கள் பெயரிலேயே ஒரு சுய பில்லை 30 நாளுக்குள் எழுதி, GSTR-3B படிவத்தில் 3.1(d) பகுதியில் காட்டுங்கள். வரியைக் கையிருப்பு வரிக் கழிவிலிருந்து கழிக்க முடியாது, ஜி.எஸ்.டி. தளத்தில் உள்ள உங்கள் ரொக்கக் கணக்கிலிருந்துதான் கட்ட வேண்டும். அந்த இரும்பை வரிக்குரிய வேலைக்குப் பயன்படுத்துவதால் அதே மாதத்தில் 5,400-ஐ வரிக் கழிவாக எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் கையிலிருந்து எதுவும் போகாது. ஆனால் கட்டாமல் விட்டால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி சேரும். 2024 அக்டோபரிலிருந்து விடுபட்ட மாதங்கள் உண்டா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

எதை உலோகக் கழிவு என்பது என்ற சின்னச் சண்டையும் உண்டு. உடைந்தோ, வெட்டுப்பட்டோ, தேய்ந்தோ அப்படியே பயன்படுத்த முடியாமல் போனது கழிவு. பழைய கட்டடத்திலிருந்து கழற்றிய, அப்படியே பற்றவைக்கக்கூடிய ஆங்கிள் அதில் வருமா என்பது வாதத்துக்குரியது. வாங்கும்போதே எது எது என்று வவுச்சரில் தனித்தனியாக எழுதிவைத்துவிட்டு, தணிக்கையாளரிடம் அந்த வவுச்சரைக் காட்டி முடிவு செய்யுங்கள்.

ஒரு வேளை வருமான வரியில் நீங்கள் அனுமான முறையைத் தேர்ந்தெடுத்து, விற்பனையில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டுகிறவராக இருந்தால், அங்கே தனித்தனிச் செலவுக்குச் சீட்டு காட்டும் தேவை எழாது. 70 லட்ச விற்பனையில் உங்கள் உண்மை லாபம் அதைவிடக் கூடுதலா குறைவா என்று பார்த்து முடிவெடுங்கள். எந்த முறையில் போனாலும் பழைய இரும்புக்கான 18 சதவீதம் மட்டும் விடாது.