பால்காரர் கையில் வங்கிப் பாரம்: கேள்வி பதில்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் 22 வருஷம் வேலை பார்த்தவள் நான். இப்போது வீட்டில் இருக்கிறேன். தெரிந்தவர்களின் கடன் விண்ணப்பப் பாரங்களுக்குத் தமிழில் சுருக்கம் எழுதிக் கொடுக்கிறேன். கடன் கிடைக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள், அது என் கையில் இல்லை.

அக்கா, அப்பா புக்கிட் மெர்தாஜாமில் 12 மாடு வச்சிருக்கார். கடன் பாரம் முழுக்க இங்கிலீஷ், நான் நிரப்பிடுவேன். அப்பா தமிழ்ப் பள்ளியோட நின்னவர், தமிழ்ல ஒரு சுருக்கம் கேட்கிறார். கேள்விகளை வரிசையா மொழிபெயர்த்தா போதுமா?

போதாது தம்பி. நீங்கள் பின்னாலிருந்து தொடங்குகிறீர்கள். முதலில் அப்பாவோடு உட்கார்ந்து தமிழ்த்தாளை எழுதுங்கள், அதைப் பார்த்துப் பாரத்தை நிரப்புங்கள். தமிழ்த்தாள் வங்கிக்குப் போவதில்லை. அது அப்பாவுக்கு. அதிகாரி அவரைத்தான் கேள்வி கேட்பார், கையெழுத்தும் அவருடையதுதான்.

நான் வேலையில் இருந்தபோது செபராங் பிறையிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கும் 12 மாடுதான். மகன் நன்றாகப் படித்த பையன். 12 மாடு, மாட்டுக்கு 8 லிட்டர், 30 நாள், லிட்டர் 7 வெள்ளி என்று பெருக்கி, மாத விற்பனை 20,160 வெள்ளி என்று போட்டுவிட்டான். அதிகாரி அப்பாவிடம், "ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் விற்பீங்க?" என்றார். அவர் யோசிக்கவே இல்லை, "ஐம்பது" என்றார். ஐம்பது லிட்டருக்கு 20,000 வெள்ளி எங்கிருந்து வரும்? பொய் சொன்னவர் யாரும் இல்லை. ஆனாலும் கோப்பு ஓரமாகப் போய்விட்டது.

பிறகு ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து இப்படி எழுதினோம். விலையும் செலவும் அவர் சொன்னவை, உங்கள் பக்கம் மாறும்.

"கன்றுகளைச் சேர்க்காமல் கொட்டகையில் 12 உருப்படி. 7 கறக்கின்றன, 3 வற்றிச் சினையாக நிற்கின்றன, 2 கிடாரி. நாளுக்கு 56 லிட்டர் கறக்கிறேன். கன்றுகளுக்கு 6 போக 50 லிட்டர் விற்கிறேன். அதில் 30 லிட்டர் வீடுகளுக்கும் கடைகளுக்கும், லிட்டர் 7 வெள்ளி. மிச்சம் 20 லிட்டர் பால் சேகரிப்பு நிலையத்துக்கு, லிட்டர் 3 வெள்ளி. மாதம் விற்பது 8,100 வெள்ளி. தீவனம் 3,200, ஆள் சம்பளம் 1,700, மருந்தும் சினை ஊசியும் 150, பெட்ரோல் 300, மின்சாரமும் தண்ணீரும் 100. செலவு 5,450 போக 2,650 நிற்கும். வீட்டுக்கு 1,400 எடுக்கிறேன், வேன் தவணை 450. மாதம் 800 வெள்ளி கையில் மிஞ்சும்."

இந்த ஒரு பத்தியிலேயே பாரத்தின் முக்கால்வாசிக் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது. 'நேச்சர் ஆஃப் பிசினஸ்' முதல் வரி, 'மந்த்லி டர்ன்ஓவர்' நடுவில் வரும் 8,100, 'எக்சிஸ்டிங் கமிட்மென்ட்ஸ்' அந்த வேன் தவணை. எழுதி முடித்ததும் அப்பாவையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நின்று "இது என்ன?" என்கிறாரோ அந்த வரி தப்பு.

டர்ன்ஓவருக்கு 'விற்றுமுதல்' என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறதே. 'மாதம் விற்பது' என்று கொச்சையாக எழுத வேண்டுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பிறை)

ஐயா, வணிகவியல் புத்தகத்தில் உள்ள சொல் அது, தப்பில்லை. ஆனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பால்காரரிடம் "விற்றுமுதல் எவ்வளவு?" என்று கேட்டேன். அவர் காதில் 'முதல்' மட்டும் விழுந்தது. மாடு வாங்கப் போட்ட முதல் என்று நினைத்து, "ஐம்பதாயிரம் இருக்கும்" என்றார். அதிலிருந்து அந்தச் சொல்லைத் தாளில் வைப்பதில்லை.

அக்கா, எனக்கு சிசிஆர்ஐஎஸ்ல பேர் இருக்கு. பேங்க் நெகாரா கறுப்புப் பட்டியல்ல போட்டுட்டாங்க, இனி எங்கேயும் கடன் கிடையாதுன்னு நண்பர் சொல்றார். எழுதி என்ன புண்ணியம்?

நண்பர் பாதி சரி. சிசிஆர்ஐஎஸ் என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்திருக்கும் கடன் பதிவு. கடன் வாங்கிய எல்லாருடைய பேரும் அதில் இருக்கும், ஒழுங்காகக் கட்டுபவர் பேரும்கூட. அது கறுப்புப் பட்டியல் இல்லை. கடந்த 12 மாதத்தில் எந்தத் தவணை தவறியது என்பதை அது காட்டும், முடிவு எடுப்பது அந்தந்த வங்கி. உங்கள் அறிக்கையைக் காசு கொடுக்காமல் நீங்களே எடுத்துப் பார்க்கலாம். தவணை தவறியிருந்தால் ஏன் என்று தமிழ்த்தாளில் ஒரு வரி இருக்கட்டும். அதிகாரி கேட்கும்போது நீங்கள் முழிக்கக்கூடாது.

மேடம், என் திருமணச் சான்றிதழை மலாயில் மொழிபெயர்க்கணும். எவ்வளவு ஆகும்?

இது அந்த இடம் இல்லை. நீதிமன்றம் ஏற்கும் மொழிபெயர்ப்பாளரைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் 9 மாடு. 9 × 10 லிட்டர் × 30 போட்டு எழுதியிருக்கேன், சரியா?

மேலே படித்தீர்களா? கறக்கும் மாடு எத்தனை?

கொலாட்டரல் என்ற இடத்தில் 'பிணை' என்று தமிழில் போட்டேன். அப்பா மாமாவைக் கூட்டிக்கிட்டு வந்துட்டார்!

சிரிப்பாக இருந்தாலும் உங்கள் அப்பா சரிதான். பிணை என்றால் ஆள் நிற்பது என்றும் எடுத்துக்கொள்ளலாம், பொருளை ஈடாக வைப்பது என்றும் எடுத்துக்கொள்ளலாம். பாரத்தில் இரண்டும் தனித்தனிக் கேள்வி. 'கொலாட்டரல்' வந்தால் "கடன் கட்டாவிட்டால் வங்கி எடுத்துக்கொள்ளக்கூடிய சொத்து" என்று எழுதுங்கள். 'கேரண்டர்' வந்தால் "நான் கட்டாவிட்டால் எனக்காகக் கட்டும் ஆள்" என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் யாரும் மாமாவைக் கூட்டி வரமாட்டார்கள். மாமா கையெழுத்துப் போடுவதாக இருந்தால் அந்த வரியை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்காதீர்கள்.

இன்னொன்று, கொட்டகை நிலம். நம் ஆட்களில் பலர் டி.ஓ.எல். நிலத்தில் மாடு வைத்திருக்கிறார்கள். அது தற்காலிக உரிமம், டிசம்பர் 31 வரைதான், பிறகு புதுப்பிக்க வேண்டும். சொத்தாக எழுதவே கூடாது. "நிலம் டி.ஓ.எல்., இந்த வருஷம் புதுப்பித்தாகிவிட்டது" என்று இடத்தைப் பற்றிய கேள்வியில் போடுங்கள். புதுப்பிக்காமல் விட்டவர்கள் என்னைக் கேட்காதீர்கள், முதலில் நில அலுவலகத்துக்குப் போங்கள்.

'விற்றுமுதல்' பற்றி ஒரு வார்த்தை. அந்தச் சொல்லை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்பதற்காகச் சொல்லையே கைவிடுவதா? அப்படிப் பார்த்தால் ஒரு கலைச்சொல்லும் மிஞ்சாது. (மீண்டும் பிறை ஆசிரியர்)

ஐயா, பள்ளிப் புத்தகத்தில் நீங்கள் வையுங்கள், நானே படிக்கிறேன். இந்தத் தாளைப் படிப்பவர் விடிகாலை 4 மணிக்குப் பால் கறந்துவிட்டு வங்கிக்குப் போகிறவர்.

ஆசிரியர் சொல்றதுதான் சரின்னு படுது. கொச்சையாப் பேசினா அதிகாரி நம்மை மதிப்பாங்களா? (கோலாலம்பூர்)

அதிகாரி இந்தத் தாளைப் பார்க்கப் போவதே இல்லை! பாரத்தில் ஆங்கிலம் ஒழுங்காக இருக்கும். பெரியவரிடம் அவர்கள் மலாயில் பேசுவார்கள், இல்லை தமிழ் தெரிந்த ஊழியரை வைத்துப் பேசுவார்கள். அப்போது மதிப்பு வருவது கணக்கு தடுமாறாமல் வாயிலிருந்து வரும்போதுதான்.

அக்கா, நான் மாடு வளர்க்கிறவன். எங்கப்பா 'விற்றுமுதல்'னா புரிஞ்சுக்குவார், 'மூலதனம்'னா புரியாது. வீட்டுக்கு வீடு மாறும். உங்க ஒரு கதையை வச்சு எல்லாருக்கும் சொல்லாதீங்க. (நிபோங் தெபால்)

சரி, அது நியாயம். உங்கள் அப்பாவுக்குப் புரிந்தால் அந்தச் சொல்லையே வையுங்கள். நான் ஆளைப் பார்த்து எழுதச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஆசிரியர் ஐயா இதை ஒத்துக்கொள்ள மாட்டார், தெரியும்.

சோர்ஸ் ஆஃப் ரீபேமென்ட்ல 'பால் விற்ற காசு'ன்னு போட்டாச்சு. அது போதாதா? 30,000 வெள்ளி கேட்கிறோம்.

இதைத்தான் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். 'பால் விற்ற காசு' பதில்தான், ஆனால் அவர்கள் கேட்பது எந்த மாதமும் தவறாமல் வருமா என்பது.

மேலே சொன்னவரையே எடுங்கள். 30,000 வெள்ளி, 5 வருஷம், ஆண்டுக்கு 4 விழுக்காடு. வட்டி முழு முதலுக்கும் கணக்கு என்றால் 6,000 வெள்ளி. மொத்தம் 36,000, மாதம் 600. (முதல் குறையக் குறையக் கணக்கிட்டால் இந்த 4 என்பது 7 விழுக்காட்டுக்கு மேல் போகும். கையெழுத்துக்கு முன் எந்தக் கணக்கு என்று கேளுங்கள்.) மிச்சம் 800, தவணை 600, தாங்கும் போலத் தெரிகிறது.

ஆனால் மாடு 12 மாதமும் கறக்காது. கன்று ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே வற்றவிட வேண்டும். ஒரே மாதத்தில் இரண்டு மாடு வற்றினால் கறப்பது 40 லிட்டர், கன்றுகளுக்குப் போக விற்பது 34. வீடுகளுக்கான 30 லிட்டரை வெட்ட முடியாது, வெட்டினால் வாடிக்கை போய்விடும். சேகரிப்பு நிலையத்துக்கு 4 லிட்டர்தான் மிஞ்சும். மாத விற்பனை 6,660 ஆகிவிடும். செலவு போனால் 1,210. வீட்டுக்கே 1,400 வேண்டும். தவணைக்கு ஒன்றுமில்லை, வேனுக்கும் இல்லை.

அதனால் தமிழ்த்தாளில் இன்னொரு பத்தி வேண்டும்: எந்த மாடு எந்த மாதம் ஈனும், எது எப்போது வற்றும். அப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரியும், கேட்டு எழுதுங்கள். இரண்டு சேர்ந்து வற்றும் மாதம் தெரிந்தால், கடன் எதற்கு என்கிற 'பர்ப்பஸ்' கேள்விக்கும் அங்கேயே பதில் வந்துவிடும். அந்தச் செபராங் பிறைக்காரர் முதலில் கறவை எந்திரம் வாங்கப் போவதாக எழுதியிருந்தார். மாதக் கணக்கைப் பார்த்த பிறகு, அந்த வறண்ட மாதத்துக்கு முன்பே ஈனக்கூடிய இரண்டு சினைக் கிடாரி என்று மாற்றினார். தீவனம் கூடும், அதையும் சேர்த்து எழுதினோம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பவங்க எங்ககிட்டத்தான் வாங்குவாங்க. அந்த மாசக் கணக்கை 12ஆல் பெருக்கலாமா?

கூடாது. தைப்பூசம் வருஷத்தில் ஒன்றுதான். தனி வரியாகப் போடுங்கள்.

எங்க வீட்டில 8 மாடு, 8 × 9 லிட்டர்...

தம்பி, கொட்டகைக்குப் போய் எண்ணிவிட்டு வாருங்கள். எது கறக்கிறது, எது சும்மா நிற்கிறது.

எண்ணிட்டேன் அக்கா. நாலுதான் கறக்குது. அப்பா ஆறுன்னார்.

ரெண்டு எப்போது வற்றின என்று அப்பாவிடம் கேளுங்கள். தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள்.