பாட்டியின் தாடைக்கடியில் நிழல் எதற்கு?

“அனிமேஷன் படம் ஒன்றில், திண்ணையில் உட்கார்ந்து பாட்டி கதை சொல்லும் காட்சி. எதிரே கீழே அரிக்கேன் விளக்கு. பின்னணி ஓவியம் இருட்டும் மஞ்சளுமாக நன்றாக வந்திருக்கிறது. நான் வரைந்த பாட்டி மட்டும் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் தெரிகிறார். Drop Shadow போட்டும் சரியாகவில்லை. ‘லைட்டிங் பேக்’ வாங்கினால் போதும் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?”

வேண்டாம். அந்தப் பேக்கில் இருப்பது யாரோ வேறொரு காட்சிக்குப் போட்டுப் பார்த்த நிறங்கள். அதையே பத்துப் பேருக்கு விற்கிறார்கள். Drop Shadow-வும் அப்படித்தான்: உருவத்தை நகல் எடுத்துக் கறுப்பாக்கி, கொஞ்சம் தள்ளி வைக்கும். சுவர் எங்கே, தரை எங்கே என்ற கணக்கு அதில் கிடையாது. காகிதத்தை வெட்டிச் சுவரில் ஒட்டிய தோற்றம் அதனால்தான் வருகிறது.

முதலில் பாட்டி முழுவதையும் இருட்டாக்குங்கள். பின்னணியில் சுண்ணாம்பு அடித்த சுவர் இருக்கிறதா? வெளிச்சம் படாத இடத்தில் அதன் நிறத்தை எடுங்கள். உதாரணத்துக்குச் சிவப்பு 70, பச்சை 72, நீலம் 95 என்று வருகிறது. பாட்டிக்கு மேல் ஒரு லேயர், அதில் அந்த நிறம், கலப்பு முறை Multiply, அதாவது இரண்டு நிறங்களையும் பெருக்கி இருட்டாக்குவது. வெள்ளைச் சேலை 240-இலிருந்து ஏறக்குறைய 66, 68, 89-க்கு இறங்கும். பயப்படாதீர்கள், இருட்டில் வெள்ளை அப்படித்தான் இருக்கும். அப்புறம் விளக்கொளி படும் இடங்களை மட்டும் அந்த லேயரில் வெட்டி எடுத்து, விளக்கருகே சுவரில் எடுத்த மஞ்சளை அங்கே Multiply-யில் நிரப்புங்கள். சுவர் பச்சை என்றால் இந்த வழி உதவாது, முகத்தில் பச்சை ஏறிவிடும். வெள்ளை வேட்டியோ சுண்ணாம்புத் தூணோ இருந்தால் அதிலிருந்து எடுங்கள்.

வெட்டும்போதுதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். வெயிலில் வரைந்த பழக்கத்தில் கை தானாகத் தாடைக்கடியில் இருட்டை வைக்கும். உங்கள் விளக்கு தரையில் இருக்கிறது. தாடையின் அடிப்பக்கம், மூக்கின் அடிப்பக்கம், புருவத்துக்குக் கீழே உள்ள மேடு எல்லாம் வெளிச்சத்தில். கன்னத்தின் மேல்பக்கமும் நெற்றியும் இருட்டில். மூக்கின் நிழல் மேல்நோக்கி ஏறும். மடித்த முழங்காலின் நிழல் மார்பில் விழும். இதில் சந்தேகம் வந்தால் வீட்டில் ஒருவரை உட்காரவைத்துச் செல்போன் டார்ச்சைத் தரையில் வைத்துப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

சுவரில் விழும் நிழலுக்குச் சின்னக் கணக்கு. சுடர் அரை அடி உயரம், உட்கார்ந்த பாட்டியின் உச்சந்தலை 2½ அடி, விளக்கு பாட்டிக்கு 2 அடி முன்னால், சுவர் 1 அடி பின்னால் என்று வைத்துக்கொள்வோம். நிழலின் தலை சுவரில் 3½ அடியில் விழும், ஆளைவிடப் பெரிதாக. படத்தில் வரைய அடிக்கணக்கு வேண்டாம். விளக்கின் அடியிலிருந்து பாட்டி உட்கார்ந்த இடம் வழியாகத் தரையில் ஒரு கோடு இழுத்துச் சுவரின் அடிவரை கொண்டுபோங்கள். அங்கிருந்து நேர்குத்தாக ஒரு கோடு. சுடரிலிருந்து உச்சந்தலை வழியாக இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடம்தான் நிழலின் தலை. தரையில் வரும் நிழல் பாட்டியைத் தொட்டே தொடங்க வேண்டும். நடுவில் இம்மி இடைவெளி விட்டாலும் பாட்டி மிதப்பார்.

உண்மையில் இது உங்கள் தலையில் வந்து விழ வேண்டிய வேலையே இல்லை. பாத்திரம் வரைபவருக்குப் பின்னணியைக் காட்டுவதில்லை, பின்னணி வரைபவரிடம் ஆள் எங்கே உட்காருவார் என்று சொல்வதில்லை. கடைசியில் ஒரு தரகர் வந்து “லைட்டிங் தனி” என்று விநாடிக்கு ரேட் பேசுகிறார். கொடுப்பதாக இருந்தால் ஒரு ஃபிரேம் மட்டும் செய்யச் சொல்லித் தாடையைப் பாருங்கள். அடியில் கறுப்பு இருந்தால் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒன்று மட்டும் இந்த முறைக்கு அடங்காது: மூக்குத்தி. தோலும் துணியும் தங்கள் நிறத்தைக் காட்டுகின்றன. பளபளப்பான பொருள் விளக்கையே காட்டுகிறது. மூக்குத்தியை Multiply லேயருக்குள் விட்டால் மண்போலச் செத்துவிடும். அதை மேலே தனி லேயரில் எடுத்து, அடி நிறத்தைக் கறுப்புக்குப் பக்கமாக வைத்து, விளக்கின் மஞ்சளில் ஒரே ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். வெள்ளைப் புள்ளி கூடாது. பாட்டி தலையைத் திருப்பும்போது அந்தப் புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக மங்காது, சட்டென்று அணையும். கண்ணுக்கும் இதே கதைதான். பாத்திரத்தின் மாதிரி ஓவியத்தில் கண்மணியின் மேல்மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், எல்லோரும் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விளக்கு கீழே இருக்கிறது, புள்ளியைக் கீழே இறக்குங்கள்.